சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்கிறோம், சம்பளம் எவ்வளவு? வீட்டோடு தங்கும் பராமரிப்பாளருக்கு நியாயமாகக் கணக்குப் போடும் முறை

அம்மாவுக்கு 82 வயதில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தபோது, வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு அக்காவை வைத்தோம். முதல் மாதச் சம்பளத்தை நானும் அண்ணனும் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம். ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, வாரம் 6 நாள், ஆக 48 மணி நேரம். அதிலிருந்து அறை வாடகை என்று ஒரு தொகை, மூன்று வேளைச் சாப்பாடு என்று ஒரு தொகை, இரண்டையும் கழித்து மீதியைக் கையில் கொடுத்தோம். அது தப்புக் கணக்கு என்று புரிய எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. எங்கே தப்பு, பிறகு எப்படித் திருத்தினோம் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். ஆள் வைக்கிற குடும்பத்துக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் கணக்கு ஒன்றுதான்.

இந்தப் பதிவு முழுக்கப் பணத்தை எந்த நாட்டு நாணயத்திலும் சொல்லப் போவதில்லை, "இத்தனை மணி நேரக் கூலி" என்றே சொல்கிறேன். உங்கள் ஊரில் ஒரு மணி நேரக் கூலி என்னவோ அதால் பெருக்கிக்கொள்ளுங்கள். இப்படிப் பார்ப்பதில் ஒரு வசதி இருக்கிறது. "அறைக்கு இவ்வளவு" என்று பணமாகச் சொன்னால் சரிதானே என்று தோன்றும். அதையே "இந்த அறைக்காக அவர் வாரத்தில் 16 மணி நேரம் சும்மா உழைக்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள், சரியா தப்பா என்று உடனே தெரிந்துவிடும்.

முதல் படி: மணிக்கூலியை முடிவு செய்யுங்கள், அதில் சாப்பாட்டைக் கலக்காதீர்கள்

காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிற பராமரிப்பாளருக்கு உங்கள் பகுதியில் மணிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று நாலு இடத்தில் விசாரியுங்கள். அதுதான் அடிப்படை. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி இருந்தால் அதற்குக் கீழே போகக் கூடாது. படுக்கையில் இருப்பவரைத் தூக்கி உட்கார வைப்பது, குழாய் வழியாக உணவு கொடுப்பது, படுக்கைப்புண் பார்ப்பது போன்ற வேலைகள் இருந்தால், அந்த வேலைகளுக்கு வந்து போகிறவர் வாங்கும் கூலியோடுதான் ஒப்பிட வேண்டும், வீடு பெருக்குகிறவர் கூலியோடு ஒப்பிடக் கூடாது.

பெரும்பாலான வீடுகளில் முதல் தப்பு இங்கேதான் நடக்கிறது. "தங்குமிடம், சாப்பாடு எல்லாம் நாங்களே கொடுக்கிறோமே" என்று சொல்லி மணிக்கூலியையே குறைத்துப் பேசுவார்கள். அப்புறம் மாதக் கடைசியில் சாப்பாட்டுக்கு என்று திரும்பவும் கழிப்பார்கள். ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு முறை விலை வாங்கியாகிவிட்டது. கழிப்பதாக இருந்தால் முழு மணிக்கூலியில் ஆரம்பித்து வெளிப்படையாக ஒரு முறை கழியுங்கள். ஏற்கெனவே குறைத்துப் பேசியிருந்தால் ஒரு காசும் கழிக்கக் கூடாது.

இரண்டாம் படி: ஒரு வாரத்துக்கு நேரக் குறிப்பு எழுதுங்கள்

சாப்பாட்டின் மதிப்பு, அறையின் மதிப்பு எல்லாம் இதற்குப் பிறகுதான், ஏனென்றால் வேலை நேரமே தப்பாக இருந்தால் அதில் எதைக் கழித்தாலும் தப்பாகத்தான் வரும். வீட்டோடு தங்குகிறவருக்கு வேலை நேரம் எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை. அதனால் ஒரு நோட்டில் ஏழு நாளைக்கு எழுதச் சொல்லுங்கள். கண்காணிப்பதற்காக இல்லை, கூலி சரியாக வர வேண்டும் என்பதற்காக என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேரத்தை நாலு வகையாகப் பிரிக்க வேண்டும். கையோடு செய்கிற வேலை ஒன்று: குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மருந்து, சமையல், துணி. அடுத்தது பகல் காத்திருப்பு, அதாவது நோயாளி தூங்குகிறார், இவர் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் வீட்டை விட்டு நகர முடியாது. மூன்றாவது இரவு, அதில் எழுந்து வேலை பார்த்த நேரம் தனி, கூப்பிட்டால் எழ வேண்டும் என்ற நிலையில் படுத்திருந்த நேரம் தனி. நாலாவது சொந்த நேரம். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டு வரலாம், யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றால் மட்டுமே அது சொந்த நேரம்.

எங்கள் வீட்டில் நான் கேட்டது, "ராத்திரி நல்லாத் தூங்குறீங்கள்ல அக்கா?" என்று. அவர் சொன்னார், "கண்ணு மூடியிருக்கும் தம்பி, காது மூடாது." அடுத்த நாள் நோட்டைப் பார்த்தேன். 12:40, சிறுநீர், துணி மாற்றியது, 25 நிமிடம். 3:15, இருமல், தூக்கி உட்கார வைத்தது, திரும்பத் தூங்கும் வரை பக்கத்தில் இருந்தது, 35 நிமிடம். பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்கு இரண்டுமே தெரியவில்லை.

ஒரு வாரச் சராசரி இப்படி வந்தது. ஒரு நாளில் கைவேலை 7 மணி நேரம், பகல் காத்திருப்பு 2 மணி நேரம், இரவு 8 மணி நேரம் (அதில் எழுந்து பார்த்த வேலை 1 மணி நேரம்), சொந்த நேரம் 7 மணி நேரம். நாங்கள் நினைத்த 8 மணி நேரம் கைவேலையை மட்டும் பார்த்தால் கிட்டத்தட்டச் சரிதான். பகல் காத்திருப்பும் இரவும்தான் கணக்கிலேயே வரவில்லை.

மூன்றாம் படி: காத்திருப்பு நேரத்துக்கு ஒரு விதி வையுங்கள்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுத் தொழிலாளர்களுக்காக 189ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதன் 10ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது: தன் நேரத்தைத் தன் விருப்பப்படி பயன்படுத்த முடியாமல், கூப்பிட்டால் போக வேண்டும் என்று இருக்கிற நேரமும் வேலை நேரமே, எந்த அளவுக்கு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும். வாரத்துக்குத் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

நாடுகள் இதைப் பலவிதமாகப் பார்க்கின்றன. ஜெர்மனியில் ஒரு முதிய பெண்ணின் வீட்டில் தங்கிப் பார்த்துக்கொண்ட பராமரிப்பாளர் வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தில் வாரம் 30 மணி நேரம் என்றிருந்தது, அவரோ இரவும் பகலும் தயாராக இருக்க வேண்டியிருந்தது என்றார். 2021 ஜூனில் அந்த நாட்டின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், இப்படிக் காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று சொல்லிவிட்டது. ஆகவே முதலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். சட்டம் முழுக் கூலி என்றால் முழுக் கூலிதான், பேரத்துக்கு இடமில்லை.

சட்டம் இதைப் பற்றிப் பேசாத இடத்தில் நான் சொல்வது இது. பகல் காத்திருப்பை முழு வேலையாகவே எண்ணுங்கள், கடையில் வாடிக்கையாளர் வராத நேரத்துக்கும் ஊழியருக்குச் சம்பளம் உண்டல்லவா. இரவில் எழுந்த நேரமும் முழுக் கூலி. படுத்திருந்த நேரத்துக்கு இரவுக்கு இவ்வளவு என்று இரண்டு பேரும் பேசி ஒரு மொத்த அளவு வைத்துக்கொள்ளலாம். நாங்கள் 2 மணி நேரக் கூலி என்று வைத்தோம். ஒரு நாளைக்கு 7, 2, 1, 2, மொத்தம் 12 மணி நேரம். வாரம் 6 நாளுக்கு 72.

முழு இரவையும் எண்ணச் சொல்லும் சட்டமாக இருந்திருந்தால் நாளைக்கு 17, வாரத்துக்கு 102 ஆகியிருக்கும். இந்த எண்ணிக்கைகளைப் பார்த்தாலே, இது ஒரு ஆள் தாங்கக்கூடிய வேலையா என்ற கேள்வி வரும். எங்களுக்கும் வந்தது, கீழே சொல்கிறேன். சட்டப்படியான வார வரம்பைத் தாண்டிய நேரத்துக்குக் கூடுதல் விகிதம் உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், என் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

நாலாம் படி: அறைக்கு மதிப்புப் போடலாமா என்று கேளுங்கள்

எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, போடலாமா என்பது. அவர் உங்கள் வீட்டில் தங்குவது யாருக்காக? இரவில் அம்மாவுக்கு ஆள் வேண்டும் என்பதற்காக நீங்கள்தான் தங்கச் சொல்கிறீர்கள் என்றால், அந்தத் தங்கல் வேலையின் ஒரு பகுதி. இரவுக் காவலாளிக்குக் கூண்டு கட்டிக் கொடுத்துவிட்டு வாடகை கேட்கிறோமா? 189ஆம் உடன்படிக்கையோடு வந்த 201ஆம் பரிந்துரையிலும் இதே கருத்துதான் இருக்கிறது: வேலை கொடுப்பவரின் வீட்டில் தங்கியே ஆக வேண்டும் என்றால், தொழிலாளி ஒப்புக்கொண்டாலொழிய அந்தத் தங்குமிடத்துக்காகக் கூலியில் கழிக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் அந்த அக்கா படுத்தது அம்மாவின் கட்டிலுக்குக் கால்மாட்டில் போட்ட மடக்குக் கட்டிலில். அவருடைய பை அதற்கு அடியில். புடவை மாற்றக் குளியலறைக்குப் போக வேண்டும். போனில் வீட்டோடு பேச வாசலுக்குப் போவார். இதற்குத்தான் நாங்கள் வாரத்துக்கு 16 மணி நேரக் கூலியை வாடகையாகக் கழித்திருந்தோம், அந்த அறையை வெளியாளுக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று விசாரித்து. வெளியாளுக்கு விட்டால் அந்த அறையில் அம்மா இருக்க மாட்டார் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

நோயாளியின் அறையில் படுக்க வைத்தால் அதற்கு மதிப்பு பூஜ்யம். அது வேலை செய்யும் இடம், தங்குமிடம் ஆகாது. தங்குமிடம் என்று சொல்ல வேண்டுமானால் என்ன இருக்க வேண்டும் என்று 201ஆம் பரிந்துரை பட்டியலே தருகிறது: தனி அறை, தேவையான சாமான்கள், காற்றோட்டம், பூட்டு, சாவி தொழிலாளியின் கையில். சுகாதாரமான கழிப்பறை, போதுமான வெளிச்சம். இதில் பூட்டும் சாவியும்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சரி, எல்லாம் இருக்கிறது, தனி அறை, அவர் விருப்பப்பட்டுத்தான் தங்குகிறார், வேண்டாமென்றால் வீட்டுக்குப் போய்வரலாம், அப்போது என்ன மதிப்பு? இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அவர் இங்கே தங்குவதால் உங்களுக்குக் கூடுதலாக என்ன செலவாகிறது என்பது முதல் எண். இங்கே தங்குவதால் அவருக்கு என்ன மிச்சமாகிறது என்பது இரண்டாவது. இரண்டில் எது குறைவோ அதுதான் நியாயமான உச்சம். ஊரில் குடும்பத்துக்காக ஒரு வீட்டுக்கு வாடகை கட்டிக்கொண்டேதான் பலர் இப்படி வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு உங்கள் அறையால் மிச்சமாவது ஒன்றுமில்லை. அந்த இடத்தில் மதிப்பு மறுபடியும் பூஜ்யம்.

ஐந்தாம் படி: சாப்பாட்டுக்கு விலை போடுவது

சாப்பாட்டுக்கு மூன்று வழிகளில் மதிப்புப் போடுகிறார்கள்: வெளியே வாங்கினால் ஆகும் சந்தை விலை, வீட்டுக்கு ஆகும் அடக்க விலை, அரசு நிர்ணயித்த விலை. அரசு விலை இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. சில நாடுகளில் சாப்பாட்டைக் கூலிக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே கூடாது. பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் தங்குமிடத்தை ஒரு வரம்புக்குள் சேர்க்கலாம், சாப்பாட்டைச் சேர்க்க முடியாது.

அரசு விலை இல்லாவிட்டால் அடக்க விலைதான் சரி. வெளியே வாங்கும் சாப்பாட்டின் விலையில் பொருளும் இருக்கிறது, சமைப்பவரின் கூலியும் கடை வாடகையும் லாபமும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் சமைப்பது யார்? பெரும்பாலும் அந்தப் பராமரிப்பாளரேதான். தான் சமைத்த சாப்பாட்டுக்குத் தானே சமையல் கூலியும் சேர்த்து விலை கொடுப்பது எந்த ஊர் நியாயம்? எனவே பொருளின் விலையை மட்டும் எடுங்கள். அவர் வருவதற்கு முன்னான மூன்று மாத மளிகை, காய்கறி, பால் செலவின் சராசரி, அவர் வந்த பிறகான சராசரி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். நோயாளிக்கென்று வாங்கும் சத்துமாவு, பழங்களை முதலில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் அவர் தலையில் விழும்.

எங்கள் வீட்டு வித்தியாசம் வாரத்துக்கு 6 மணி நேரக் கூலிக்குச் சமமாக வந்தது. முதலில் நாங்கள் கழித்தது 14. சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்கக் கூட்டாட்சி விதி ஒன்று எனக்கு உதவியது. அங்கே வீட்டு வேலை செய்பவருக்கு உண்மைச் செலவைக் கணக்கிடாமல் சாப்பாட்டை வரவு வைக்க வேண்டுமென்றால், குறைந்தபட்ச மணிக்கூலியில் காலை உணவுக்கு 37.5 சதவீதம், மதியத்துக்கு 50, இரவுக்கு 62.5 என்பதுதான் உச்சம். மூன்று வேளையும் சேர்த்து ஒன்றரை மணி நேரக் கூலி. தங்குமிடத்துக்கு வாரம் 7.5 மணி நேரக் கூலி. 6 நாளுக்குச் சாப்பாடு 9 மணி நேரத்தைத் தாண்டாது. எங்கள் 14 தாண்டியிருந்தது, அறைக்குப் போட்ட 16 இரண்டு மடங்குக்கும் மேல். வேறு நாட்டில் இந்த அளவு சட்டமாகாது, ஆனால் நீங்கள் போட்ட எண் இதைவிட மிகவும் கூடினால் எங்கோ இடிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

சாப்பாட்டில் இன்னும் மூன்று விஷயம் உண்டு. அவர் விடுமுறையில் போன நாளுக்கும் வெளியே சாப்பிட்ட வேளைக்கும் கழிக்கக் கூடாது. அவர் சாப்பிடக்கூடிய உணவாக இருக்க வேண்டும், அவருடைய மதமோ பழக்கமோ விலக்கிய உணவை வைத்துவிட்டு விலை போட முடியாது. போதுமான அளவும் இருக்க வேண்டும்: எல்லோரும் சாப்பிட்டு மீந்ததுதான் அவருக்கு என்றால் அதற்கு மதிப்புப் போடும் பேச்சே வேண்டாம்.

ஆறாம் படி: கழிக்கவே கூடாதவை

கையுறை, முகக்கவசம், சீருடை, ஏப்ரன், நோயாளிக்கான டயப்பர், உடைந்துபோன கோப்பை, ஆளைப் பிடித்துக் கொடுத்த ஏஜென்சிக்குக் கொடுத்த கமிஷன், இரவு எரிந்த விளக்குக்கான மின்சாரம். இவை எல்லாம் வேலைக்கான செலவுகள், அவருக்குக் கொடுத்த வசதிகள் அல்ல. 189ஆம் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, பொருளாகக் கொடுக்கும் பங்கு ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் இருக்க வேண்டும், தொழிலாளி சம்மதித்திருக்க வேண்டும், அவருடைய சொந்தப் பயனுக்கானதாக இருக்க வேண்டும், மதிப்பு நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. "சொந்தப் பயன்" என்ற ஒரு சோதனையை வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏழாம் படி: சீட்டில் மேலே முழுக் கூலி, கீழே கழிவு

எங்கள் பழைய கணக்கு:

மொத்தம் 48, அறைக்குக் கழிவு 16, சாப்பாட்டுக்குக் கழிவு 14, கையில் 18.

திருத்திய கணக்கு:

மொத்தம் 72, அறைக்குக் கழிவு இல்லை, சாப்பாட்டுக்குக் கழிவு 6, கையில் 66.

முதல் கணக்கில் கூலியில் பாதிக்கும் மேல், சரியாகச் சொன்னால் 62.5 சதவீதம், சாப்பாடாகவும் படுக்கையாகவும் போய்விட்டது. ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்குப் படுக்கையை அனுப்ப முடியாது, பணத்தைத்தான் அனுப்ப முடியும். இரண்டாவதில் கழிவு 8 சதவீதத்துக்குச் சற்று மேல்.

சீட்டை இந்த வரிசையில்தான் எழுத வேண்டும். "சாப்பாடு போக 66" என்று கடைசி எண்ணை மட்டும் எழுதினால், பின்னால் விடுப்புச் சம்பளம், கூடுதல் நேரக் கூலி, பணிக்கொடை, சேமநிதி என்று எது வந்தாலும் அந்தக் குறைந்த எண்ணில் கணக்குப் போட்டுவிடுவார்கள். எல்லாம் 72இல் இருந்து கணக்கிடப்பட வேண்டும். சாப்பாட்டுக் கழிவுக்கு அவர் ஒப்புக்கொண்டதையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அவர் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும், ஒரு பிரதி அவரிடம் இருக்க வேண்டும்.

கையில் 66 என்ற எண்ணைப் பார்த்ததும் அண்ணன், "இது நம்மால் முடியாதே" என்றார். உண்மைதான். முடியாது என்றால் வேலையைக் குறைக்க வேண்டும், கூலியைக் குறைக்க வழி தேடக் கூடாது என்று பேசி முடிவெடுத்தோம். வாரத்தில் இரண்டு இரவு அண்ணன் அம்மா அறையில் படுத்துக்கொள்கிறார், அந்த இரவுகளில் அக்காவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட வேறு அறை. ஒரு இரவுக்கு 3 மணி நேரக் கூலி, ஆக 6 குறைந்தது, மொத்தம் 66, கையில் 60. முதல் மாதத்துக்கான வித்தியாசத்தை மூன்று தவணையில் கொடுத்தோம். அந்த இரண்டு இரவுகளுக்குப் பிறகு அவர் முகத்தில் தெரிந்த வித்தியாசத்தை எந்தச் சீட்டிலும் எழுத முடியாது.

எட்டாம் படி: நிலைமை மாறும்போது

நோய் நிலை மாறினால் நேரமும் மாறும், எனவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அல்லது மருத்துவமனையிலிருந்து திரும்பிய உடனே, திரும்பவும் ஒரு வாரம் நோட்டு எழுத வேண்டும். இரவில் எழுவது இரண்டு முறையிலிருந்து ஐந்து முறை ஆகிவிட்டால், 2 மணி நேரம் என்று பேசிய இரவுக் காத்திருப்புக்கு அர்த்தமே இல்லை, அது முழு இரவு வேலை.

நோயாளியை மருத்துவமனையில் சேர்த்து அவரும் கூடவே பெஞ்சில் படுத்தால் அங்கே தங்குமிடமும் இல்லை, வீட்டுச் சாப்பாடும் இல்லை. அந்த நாட்களுக்குச் சாப்பாட்டுக் கழிவை நிறுத்துவதோடு வெளியே சாப்பிட ஆகும் பணத்தையும் தனியாகக் கொடுக்க வேண்டும். விடுப்பில் அனுப்பும்போது சாப்பாட்டு மதிப்பைக் கழிக்காமல் முழுக் கூலியாகக் கொடுங்கள்.

கடைசியாக, பேசத் தயங்கும் ஒன்று. நோயாளி இறந்துவிட்டால் அன்றைக்கே அவருக்கு வேலையும் போகிறது, படுக்கையும் போகிறது. அவர் பக்கம் பெரிய தப்பு எதுவும் இல்லாமல் வேலை முடியும்போது, நியாயமான கால அவகாசமும், வேறு வேலையும் இடமும் தேட நேரமும் கொடுக்க வேண்டும் என்று 201ஆம் பரிந்துரை சொல்கிறது. எத்தனை வாரம், அந்த வாரங்களுக்குக் கூலி எவ்வளவு, எந்த அறையில் தங்குவார் என்பதை வேலைக்குச் சேரும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். துக்க வீட்டில் அதைப் பேச அவருக்கும் வாய் வராது, உங்களுக்கும் வராது.